படிகாரம் வைத்த கழுத்து

சலூன் கடைக்காரரைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னவர், சட்டென்று வெடிப்பார். கத்தி பிடித்து முப்பத்தோரு வருஷம். நாற்காலியில் உட்கார்ந்தவன் தும்மப் பார்த்தால்கூட “ஆடாத” என்று அதட்டுவார். அந்த அதட்டலுக்காகவே வேறு கடைக்கு ஓடிப்போனவர்கள் உண்டு. போகட்டுமே, அவருக்கு என்ன வந்தது.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. முப்பத்தைந்து நாள் கதிர் சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாள். “நடுவுல நாள் விடக்கூடாது, விட்டா கட்டி மறுபடி வளர இடம் கொடுத்த மாதிரி” என்றார் டாக்டர். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று, இது மட்டும் கடுகின் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

முதல் நாளே நர்சோடு முட்டிக்கொண்டார்.

“கழுத்துல பிளேடு படக்கூடாது. சவரம் பண்ணிட்டுப் போடுற வாசனைத் தண்ணி வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. வாசனை இல்லாத இந்தக் கிரீமைத் தடவுங்க. காலர் இல்லாத பருத்திச் சட்டை போடுங்க.”

“தோலைப் பத்தி எனக்கே பாடமாம்மா? நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் கத்தி பிடிச்சவன்.”

“பிடிச்சிருக்கலாம். இது வேற தோல்.”

அந்தப் பதில் அவருக்குச் சுருக்கென்று குத்தியது. அன்று மாலையே கடையில் வழவழவென்று சவரம் செய்துகொண்டார். தாடியோடு நிற்கும் சவரக்காரனை எவன் நம்புவான்?

மூன்றாவது வாரம் கழுத்து வெயிலில் காய்ந்த மாதிரி சிவந்தது. கதிர் பட்ட இடத்தில் முடி தானாகவே கொட்டியது. கத்திக்கு வேலை போயிற்று என்று அதற்கும் நர்சைத் திட்டினார். நான்காவது வாரம் தோல் கறுத்துப் பொரிந்து உதிர்ந்தது, அரிப்பு உயிரை வாங்கியது. “ஏங்க, சொறியாதீங்க” என்று மனைவி கையைப் பிடித்தால் அவளுக்கும் திட்டு.

ஐந்தாவது வாரம், பக்கத்தில் காத்திருந்த லாரி டிரைவருக்கு ஒரு வாரம் சிகிச்சையை நிறுத்தினார்கள். அவர் கழுத்துத் தோல் பிய்ந்திருந்தது. நர்ஸ் பார்த்துச் சொல்லி, டாக்டர் நிறுத்தினார். கடுகு அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். இவள்தான் கோள்மூட்டி, தன் கழுத்தை இவளிடம் காட்டினால் தன் கதையும் முடிந்தது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

சனி, ஞாயிறு மிஷினுக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை கழுத்து மடிப்பில் தோல் உரிந்து, உள்ளே செக்கச்செவேலென்று ஈரமாக நின்றது. மஞ்சள் நீர் கசிந்து துண்டோடு ஒட்டியது.

“ஆஸ்பத்திரிக்குப் போன் போடவா?” என்றாள் மனைவி.

“போட்டேன்னா பாரு. நிறுத்திருவாங்க. கசிஞ்சா காய வைக்கணும், அவ்வளவுதான்.”

கத்தி கீறினால் கடையில் என்ன செய்வாரோ அதையே செய்தார். படிகாரக் கட்டியை நனைத்து அழுத்தித் தேய்த்தார். கண்ணில் பூச்சி பறந்தது. மேலே பஞ்சு வைத்து, தோலோடு தோலாகப் பிளாஸ்திரி ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் அடித்தது, அதையும் மறைத்தார்.

திங்கட்கிழமை மிஷின் அறையில் டெக்னீஷியன் அவர் முகத்துக்கும் கழுத்துக்கும் அச்செடுத்து, அசையாமல் இருக்கச் செய்த முகமூடியை மாட்டினார். அது கழுத்தில் பொருந்தவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த துண்டை விலக்கினால் பிளாஸ்திரி. “சிஸ்டரக் கூப்பிடுறேன்” என்றதுதான் தாமதம், கடுகு பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தார். நல்ல தோலும் அதோடு வந்தது. உள்ளே சீழ்.

நர்ஸ் வந்து பார்த்து டாக்டரை அழைத்தாள். டாக்டர் வந்து பார்த்தார். “சீழ் அடங்கணும். நாலு நாள் நிறுத்துறோம்.”

கடுகு நர்சின் பக்கம் திரும்பினார். “சந்தோஷமா? போட்டுக் கொடுத்து நிறுத்திட்டியே.”

நர்ஸ் உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்தாள். “அந்த லாரிக்காரரும் உங்களை மாதிரி மறைச்சவர்தான். சனிக்கிழமையே கூப்பிட்டிருந்தா, ஒட்டாத துணி வெச்சுக் கட்டியிருப்பேன். கசியிற கழுத்தோட தினமும் எத்தனை பேர் இந்த மிஷின்ல படுத்து எழுந்து போறாங்க. ஒரு நாளும் விட்டிருக்க மாட்டீங்க. நிறுத்தினது நான் இல்ல, உங்க படிகாரம்.”

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

“அந்த நாலு நாளை ஈடு கட்டிருவீங்கல்ல?” என்று டாக்டரிடம் கேட்டார்.

“பார்ப்போம். உறுதி சொல்ல முடியாது.”

டாக்டர் போய்விட்டார். நர்ஸ் அவர் தாடையை ஒரு விரலால் நிமிர்த்தினாள். முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கழுத்தை அவர் வேறு யார் கைக்கும் கொடுத்ததில்லை. ஈரப் பஞ்சு பட்டதும் உடம்பு துள்ளியது.

“ஆடாதீங்க” என்றாள் அவள்.

கடுகு ஆடவில்லை.