இருபத்தாறு என்று எழுதியிருந்த பேட்டரி

கொக்கு நோய் என்கிற வெள்ளைக்கழிச்சலில் என் கோழிகள் எல்லாம் செத்துப்போயின. மிஞ்சியது அவை இட்ட பதினெட்டு முட்டைகள்தான். அடைகாக்க ஒரு கோழியும் இல்லை. ஸ்ரீசிட்டியில் போன் கம்பெனியில் பேட்டரி சோதிக்கும் வேலை பார்க்கும் என் மகள், முட்டை பொரிக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி வந்து வைத்தாள்.

இருபதாம் நாள் காலையில் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. அன்றைக்கென்று ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இல்லை என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார்.

திருப்பதியில் பழையதாக வாங்கிய பேட்டரியை என் வீட்டுக்காரர் தூக்கி வந்தார். மேலே பன்னிரண்டு வோல்ட், இருபத்தாறு ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. பெட்டி இழுப்பது இரண்டு ஆம்பியர்.

"இருவத்தாறுல ரெண்டு, பதிமூணு மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு மேட்டரா?" என்றார்.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

"யம்மா, நைனா கணக்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் சரி. புது பேட்டரின்னாகூட, இருவது மணி நேரம் மெதுவா இழுத்தாத்தான் இருவத்தாறு குடுக்கும். இது பழசு, பாதின்னு வெச்சுக்கோ, பதிமூணு. அதையும் கடைசி சொட்டு வரைக்கும் உறிஞ்ச முடியாது. வோல்ட் எறங்குனா பெட்டி தானா நின்னுடும். பத்துன்னு போடு. ரெண்டால வகு."

"அஞ்சு" என்றேன்.

"சூடு ஏறினதும் நின்னு நின்னு ஓடினா இன்னும் கொஞ்சம் வரும். ஆனா இந்தப் பனியில நிக்காது. ரெண்டு மணிக்கு மேல நம்பாத. மூடிய மட்டும் தொறக்காத."

"அஞ்சாம் கிளாஸ் படிச்சவளுக்கு பாடம் நடக்குது பாரு" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. அந்த வீட்டு நிலத்தில் களை எடுத்தவள் நான். பதினொரு மணிக்குப் போய்க் கேட்டருகே நின்றேன். வீட்டம்மா தெலுங்கில், "ஏம் காவாலி?" என்று என்ன வேண்டுமெனக் கேட்டாள். முட்டைக்குக் கரண்ட் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஊரிகே, சும்மாதான்" என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்று நாற்பதுக்குப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. மகள் சொன்னதற்கும் இருபது நிமிஷம் முன்னால்.

காற்றுத் துளையை மட்டும் மூடாமல் விட்டு, பெட்டியைக் கம்பளியால் சுற்றினேன். கீச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மூன்று மணிக்கு அது குறைந்தது. திறந்து பார்த்தால் மிச்சச் சூடும் போய்விடும். திறக்காவிட்டால் உயிரோடு இருக்கிறதா தெரியாது. மூடியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டி, போய் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார் வீட்டுக்காரர்.

ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது. இரண்டு நாள் கழித்து மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. மற்றவை பொரிக்கவில்லை. அவற்றில் ஒன்று ஓட்டைக் கொத்தித் துளை போட்டு, அதோடு உயிர் நின்றுபோயிருந்தது. அந்தத் துளையில் மூக்கு மட்டும் தெரிந்தது.