பிறந்த நாட்டுக் கட்டம்

மக்காவுக்கு உம்ரா பயணம் போக முதல் பாஸ்போர்ட் எடுக்க, அறுபத்தெட்டு வயது ஜெய்னுலாபுதீன் காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த கணினி மையத்துக்குப் போனார். ரங்கூனில் பிறந்து, ஏழு வயதில் அத்தாவோடு கப்பலில் ஊர் திரும்பியவர். பிறப்புச் சான்றில் ரங்கூன், பர்மா என்றிருந்தது.

விண்ணப்பத்தை நிரப்பிய முத்தமிழ், நாடுகளின் பட்டியலைக் காட்டினாள். "இதுல பர்மா இல்லீங்க பாய். மியான்மர்னுதான் இருக்கு."

"நான் அங்க பொறக்கலியேம்மா."

"அதே நாடுதாங்க. எண்பத்தொம்பதுல பேரை மாத்துனாங்க. மூணெழுத்துக் குறியீடும் BUR போயி MMR ஆயிடுச்சு. பழைய குறியீட்ட அம்பது வருஷத்துக்கு வேற நாட்டுக்குத் தர மாட்டாங்களாம்."

பர்மாவுக்கு உரியதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. சின்ன வயதில், ரங்கூன் வீட்டு வாசலில் மழையைப் பார்த்தபடி தன் நெற்றியில் சந்தனக் குழம்பு பூசிவிடும் உம்மாவின் குளிர்ந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. அந்த வீடு இருந்த ஊரையும் இப்போது யாங்கோன் என்கிறார்கள்.

"ஊருக்கும் புதுப் பேர்தான் போடணுமா?"

"இல்லீங்க, ஊருக்குப் பட்டியல் கெடையாது, பேரை நாமதான் டைப் அடிக்கணும். சான்றுல உள்ளபடி ரங்கூன்னே போட்டுடறேன்."

நாட்டுக்கு மியான்மரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ரங்கூன் என்பதை அவள் ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தார்.