களா இல்லாத மூன்று நாள்

பதினோராவது நோன்பு, செவ்வாய்க்கிழமை. காலையில் எழுந்தபோது இடது காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். வலி இல்லை. சளி அடைப்பாக இருக்கும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். நானே முடிவுகட்டுவதில் எனக்கு நிகர் யாருமில்லை.

வீட்டில் சொல்லவில்லை. என் மனைவி இங்கே அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில், ஒரு மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். சொன்னால் மாத்திரையை நீட்டி நோன்பை விடச் சொல்வாள். பதினைந்து வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருப்பவன் நான். சொட்டு மருந்து விட்டால் நோன்பு முறியுமோ என்று வேறு சந்தேகம். காது டாக்டரின் ஆபீஸுக்குப் போன் செய்து, "லேசா காது அடைச்சிருக்கு, அவசரமில்லை" என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். பெருநாளுக்கு மறுநாள். நல்லதாய்ப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன், அதுதான் கொடுமை.

புதனும் வியாழனும் மீட்டிங்குகளில் ஹெட்செட்டை வலது காதில் மட்டும் வைத்துச் சமாளித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நெருக்கிக்கொண்டு நின்றோம். இமாம் ஓதி முடித்ததும் பள்ளிவாசலே ஆமீன் சொன்னது. வலது பக்கத்து ஆள் சொன்னது கேட்டது. இடது பக்கத்து ஆளின் தோள் என் தோளில் உரசிக்கொண்டிருந்தது, ஆனால் அங்கே யாருமே இல்லை. அந்தத் தொழுகையில் நான் என்ன ஓதினேன் என்று இன்றும் தெரியாது.

காரில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை நாளா?"

"செவ்வாய்லேர்ந்து."

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வாயை மூடிக்கிட்டு ம்ம்முன்னு சொல்லுங்க. சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

"வெறும் அடைப்புன்னா அடைச்ச பக்கம்தாங்க ஜாஸ்தி கேக்கணும். இது நரம்பு பக்கம் மாதிரி இருக்கு. அங்கேயே இருங்க, லீவ் சொல்லிட்டு வரேன்."

வரும் வழியில் அவளே அதே ஆபீஸைக் கூப்பிட்டு, ஒரு காதில் திடீரென்று கேட்கவில்லை, நான்கு நாள் ஆகிறது என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு மூன்று வாரம் சொன்னவர்கள் அவளுக்கு மூன்றரை மணிக்கே வரச் சொன்னார்கள்.

டாக்டர் உள்ளே பார்த்தார். அழுக்கில்லை, நீரில்லை, சவ்வு சுத்தமாக இருந்தது. அடைப்பு என்றால் எடுத்துவிடலாமே. கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு வந்ததும் வெகுநேரம் பட்டனுக்கு வேலையில்லை. வெளியே உட்கார்ந்திருந்த அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உள்காதில் பாதிப்பு, பெரும்பாலும் காரணம் தெரியாது என்றார் டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரைதான் வழி. முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால் நல்லது, இரண்டு வாரத்துக்குள்ளாவது தொடங்கிவிட வேண்டும், தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். இரண்டு வாரம் முழு அளவு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். போதாவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி. நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் தினமும் பார்க்க வேண்டும், நோன்பு கூடாது.

காரில் ஏறியதும் கேட்டேன். "நோன்பு திறக்க ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. அதுவரைக்கும்..."

அவள் வாழைப்பழத்தை உரித்து என் கையில் வைத்தாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். சாப்பிட்டேன். மாத்திரைகளை விழுங்கினேன். அழுகை வந்தது, நோன்புக்காக இல்லை.

அடுத்து வந்த நாட்களில் விரல்களைக் காதருகில் உரசி உரசிப் பார்ப்பதே என் தொழிலாயிற்று. எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை. இரண்டாவது வாரக் கடைசியில் கனத்த ஓசைகள் திரும்பின, மெல்லியவை வரவில்லை. மூன்று ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் வந்தது. அதோடு நின்றுவிட்டது. எங்கள் மகளின் குரல் அந்தப் பக்கத்தில் இன்றும் போர்வைக்குள்ளிருந்துதான் வருகிறது.

கடைசிப் பரிசோதனையில் டாக்டரிடம் கேட்டேன், செவ்வாய்க்கிழமையே வந்திருந்தால்? சிலருக்கு மருந்தில்லாமலே திரும்பும், சிலருக்கு அன்றே தொடங்கினாலும் திரும்பாது, அதனால் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

இப்போது தொழுகையில் வரிசையின் இடது ஓரம்தான் என் இடம், எல்லோரும் கேட்கிற பக்கம் இருக்கட்டும் என்று. விட்ட நோன்பைப் பிறகு நோற்று ஈடுகட்டுவதைக் களா என்போம். அந்த வருடம் விட்ட பதினேழையும் குளிர்காலத்தின் குட்டைப் பகல்களில் களா செய்து முடித்துவிட்டேன். செவ்வாய், புதன், வியாழனுக்குக் களா கிடையாது.