ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவில்

திருச்சியில் வானொலி நிலையம் தொடங்கி அதிக நாளாகவில்லை. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் கட்டிய ரேடியோவுக்கு லைசென்ஸ் அப்பா பெயரில், பெருமை அண்ணன் பெயரில். எனக்குக் கிடைத்தது கையில் கம்பி கிழித்த காயம். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். அடுத்த வகுப்பில் பெண்களுக்குத் தையலா, விஞ்ஞானமா என்பதை அவரவர் அப்பா கையெழுத்துப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். அப்பா ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா. விஞ்ஞானம் வேண்டும் என்று கேட்டதற்குச் சிரித்தார். அண்ணன் படித்துவிட்டுப் போட்டிருந்த ஆங்கிலப் பத்திரிகையில் கிரிஸ்டல் ரேடியோ படம் இருந்தது. பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். இதை நானே கட்டுவேன் என்று அப்பாவிடம் காட்டினேன். "இந்தப் பொட்டி பேசட்டும், கையெழுத்துப் போடுறேன்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி விடுமுறை முழுவதும் உட்கார்ந்தேன்.

மூங்கில் குழாயில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினேன். கூரையிலிருந்து வேப்பமரத்துக்கு நீளமாக ஏரியல் கம்பி கட்டி, அதன் நுனியைச் சுருளின் முனையில் முறுக்கினேன். எர்த்துக்காக இன்னொரு கம்பி தண்ணீர்க் குழாயில் இறங்கியது. கிரிஸ்டல் என்கிற பளபளப்பான ஈயக் கல்லும், காதில் மாட்டும் பழைய ஹெட்போனும் மதராசிலிருந்து மாமா வாங்கி வந்தவை. கல்லின் மேல் ஊசி போன்ற மெல்லிய கம்பியை அங்கே இங்கே வைத்துத் தேடினேன். ஓர் இடத்தில் சத்தம் வந்தது. வந்தது என்ன, ஒரே சந்தைக்கடை. ஒருவர் பேசுகிறார், அவர் மேலேயே இன்னொருவர் பாடுகிறார். மதராசும் திருச்சியும் ஒன்றாக வந்து விழுந்திருந்தன. வானத்தில் போவதெல்லாம் கம்பியில் மாட்டும், அதற்கு நீ என்ன செய்வாய் என்று அண்ணன் கேலி செய்தான்.

கோபத்தில் ஏரியல் கம்பியை முனையிலிருந்து பிடுங்கி, அதன் நுனியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டி, அந்தப் பின்னால் சுருளைக் கீறினேன். எனாமல் உரிந்த இடத்தில் பின் பட்டுக்கொண்டிருந்தபோது பாட்டு போய்விட்டது. பேச்சு மட்டும் கேட்டது. பின் பிடித்த இடம் வரைதான் இப்போது சுருள். மீதிச் சுற்றுகளுக்கு வேலை இல்லை. அப்போதுதான் ஊஞ்சல் நினைவுக்கு வந்தது. கயிறு நீளமென்றால் மெதுவாக ஆடும், குட்டையென்றால் வேகமாக. அதன் ஆட்டத்துக்குச் சரியாகத் தள்ளினால் உயரப் போகும், தவறித் தள்ளினால் ஒன்றும் நடக்காது. ஏரியலும் சுருளும் சேர்ந்து ஆடுவதற்கும் ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தில் வருகிற நிலையம்தான் ஓங்கிக் கேட்கும், மற்றது அமுங்கிவிடும். சுருளின் நெடுக ஒரு கோடு எனாமலைத் தேய்த்தெடுத்து, அதன் மேல் நகர ஒரு பித்தளைத் தகடு பொருத்தி, ஏரியல் கம்பியை அதில் மாட்டினேன். சுற்று குறைந்தால் மதராஸ், கூடினால் திருச்சி.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ராத்திரி வரை ஹெட்போனைக் கழற்றவில்லை. மறுநாள் சாயங்காலம் தன் மேலதிகாரியைக் காபிக்கு அழைத்து வந்தார். ஹெட்போனின் ஒரு காது அவருக்கு, மறு காது அப்பாவுக்கு. நான் காபி டம்ளரோடு நிற்கிறேன்.

"நம்ம பையன் பண்ணது சார்" என்றார் அப்பா.

அண்ணன் மறுக்கவில்லை. எப்படி ஒரு ஸ்டேஷன் மட்டும் தனியாக வருகிறது என்று அதிகாரி கேட்டார். கல்தான் பிரித்துக் கொடுக்கிறது என்று அண்ணன் கூசாமல் சொன்னான். கல் எதையும் பிரிக்காது. வந்ததைக் காதுக்குக் கேட்கிற மாதிரி ஆக்கும், அவ்வளவுதான்.

டம்ளரை வைக்கும்போது தகட்டை நடுவில் தள்ளிவிட்டேன். வேண்டுமென்றேதான்.

அதிகாரி முகத்தைச் சுளித்தார். இரண்டு பேர் சேர்ந்து கத்துகிறார்களே என்றார். சரி செய் என்று அப்பா அண்ணனை அதட்டினார். அவன் கல்லின் மேலிருந்த கம்பியை நோண்டினான். இருந்த சத்தமும் போய்விட்டது.

"நீ பாரும்மா, ஜல்தி" என்றார் அப்பா என்னிடம்.

"யாரு பண்ணதுன்னு சொல்லுங்கப்பா. சொன்னா சரி பண்றேன்."

அப்பாவின் காது சிவந்தது. அதிகாரி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பொண்ணுதாங்க" என்று கடைசியில் முணுமுணுத்தார் அப்பா. கல்லில் கம்பியை வைத்துத் தகட்டை நகர்த்தினேன். திருச்சி தெளிவாக வந்தது. அதிகாரி ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, என்னைப் பாராட்டிவிட்டுத்தான் போனார்.

அவர் தலை மறைந்ததும் அப்பா பள்ளிக்கூடத்துத் தாளை எடுத்தார். தையலுக்கு நேரே கையெழுத்துப் போட்டார். "பெரியவங்க எதிர்ல மானத்த வாங்கிக்கினு, விஞ்ஞானம் ஒரு கேடா உனக்கு?"

பெட்டி பேசினால் போடுவதாகச் சொன்ன கையெழுத்து, நான் பேசியதால் போயிற்று. அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திண்டிவனம் திரும்புகிற அன்று காலையில் அந்தப் பித்தளைத் தகட்டைக் கழற்றினேன். ஏரியல் கம்பியைப் பழையபடி சுருளின் முனையிலேயே முறுக்கிவிட்டு, தகட்டை என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அண்ணன் மதராசையும் திருச்சியையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான். என்ன ஆச்சு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். தகடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.