வேன்கள் சத்தம் போடாத நன்றியுரை

எங்கள் பள்ளியில் பூகோள டீச்சரைப் பூகோள டீச்சர் என்று யாரும் கூப்பிடுவதில்லை. 'நன்றி டீச்சர்' என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்வது அவர் வேலை. யாரும் அதை ஆசைப்பட்டு அவரிடம் கொடுக்கவில்லை. வரவேற்புரைக்கு அடித்துக்கொள்வார்கள், ஆண்டறிக்கை தலைமை ஆசிரியையின் சொத்து. மிஞ்சுவது இது. பரிசளிப்பு முடிந்து, பசித்த பிள்ளைகள் சிணுங்கி, அப்பாக்கள் வண்டிச் சாவியைத் தேடும் நேரத்தில் வருவது. சேர் இழுக்கிற சத்தத்தில் யார் பேசினால் என்ன?

நான் வேதியியல் ஆசிரியை. எனக்கு வாய் நீளம் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேர் உண்டு. அவர் அதற்கு நேரெதிர். பக்கத்து மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை என்றால் அந்தப் பெருமை முழுக்க அவருடையது.

அவர் நன்றியுரை தயாரிக்கிற விதமே தனி. முந்தின நாளே வரிசையை மட்டும் எழுதி வைப்பார். முதலில் தலைமை விருந்தினர், பிறகு தாளாளர், தலைமை ஆசிரியை, பெற்றோர், ஆசிரியர்கள், மாணவர்கள், கடைசியில் மேடைக்குப் பின்னால் உழைத்தவர்கள். ஒவ்வொருவர் பேருக்கும் கீழே ஒரு வரி இடம் விட்டிருப்பார். அதை விழா நடக்கும்போது, திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நிரப்புவார்.

"நடக்கறதுக்கு முன்னாடியே எப்படிங்க நன்றி சொல்றது? என்ன செஞ்சாங்கன்னு பாத்துட்டுதானே சொல்லணும்" என்பார்.

பேர்களை நேரில் போய்க் கேட்டு, எப்படி உச்சரிப்பது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். வேன் ஓட்டுகிறவர்கள் வரை யாரையும் விட மாட்டார். பட்டம் பதவிகளை அடுக்க மாட்டார். விருந்தினர் பேசியதையே திரும்பப் பேசி இன்னொரு சொற்பொழிவு ஆற்ற மாட்டார். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

வீட்டில் குரலுக்கு மட்டும் ஒத்திகை நடக்கும். அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிற அவர் கணவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவரைச் சமையலறையில் நிற்க வைத்து, குழாயைத் திறந்துவிட்டு, முன்னறையிலிருந்து டீச்சர் பேசுவார். அவருக்குக் கேட்டுவிட்டால் கூடத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும் என்பது கணக்கு.

போன வருஷம் விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குத் தைராய்டு ஆபரேஷன். கட்டியை எடுத்தார்கள், பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் குரல் போய்விட்டது. நரம்பு சோர்ந்திருக்கிறது, மெல்ல வரும் என்றார்கள். வந்தது, பாதி. காற்றும் கரகரப்பும் கலந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் புரிகிற அளவுக்கு.

அந்த வருஷம் நன்றியுரை பி.டி. சார் தலையில் விழுந்தது. மனிதர் சமர்த்தாக முந்தின நாளே முழுசாக எழுதி மனப்பாடம் செய்துவிட்டார். வருவதாக இருந்த வங்கி மேலாளர் கடைசி நேரத்தில் வராமல், தீயணைப்பு நிலைய அதிகாரி சீருடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். பி.டி. சார் அவர் முகத்தைப் பார்த்தே, "சேமிப்பின் அருமையை அழகாக எடுத்துரைத்த வங்கி மேலாளர் அவர்களுக்கு" என்று முழங்கினார். அதிகாரி பின்னால் திரும்பி யாரைச் சொல்கிறார் என்று தேடினார். கடைசியில் பி.டி. சார் மைதானப் பழக்க தோஷத்தில் "எல்லாரும் கலையலாம்" என்றும் சொல்லிவிட்டார். நாட்டுப்பண் பாட ஆளில்லாமல் போயிற்று.

இந்த வருஷம் டீச்சர் இடுப்பில் சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு வகுப்பெடுத்தார். பிள்ளைகள் ஒரு குறையும் சொல்லவில்லை. இரண்டு பெற்றோர் சொன்னார்கள். தாளாளர் அவரை அழைத்து, ரொம்ப மரியாதையாகவே, "சிரமப்படாதீங்க, ஆபீஸ்ல ஒரு சீட் போட்டுத் தர்றேன். விழா முடியட்டும், முடிவு பண்ணலாம்" என்றார்.

ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தவர் வெகுநேரம் உலக உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வகுப்புதாங்க வேணும்" என்றார். "அந்த நாற்காலியில போய் உக்காந்தா நான் செத்துருவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழாக் கூட்டத்தில் நன்றியுரை யாருக்கு என்று தலைமை ஆசிரியை கேட்டதும், "எப்பவும் சொல்றவங்கதான்" என்றேன். எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். பி.டி. சார் மட்டும், "ஐயோ, அவங்களே சொல்லட்டும் மேடம், எனக்குப் போன வருஷமே போதும்" என்றார். தாளாளர் டீச்சரைப் பார்த்தார்.

"முடியுமா?"

"முடியும் சார்."

தாளாளர் சரி என்ற விதத்திலேயே தெரிந்தது, ஆபீஸ் சீட்டுக்கான முடிவும் அன்றைக்கு இதைப் பார்த்துத்தான் என்று.

வீட்டில் மறுபடி ஒத்திகை. கல்லூரியில் படிக்கிற மகள் பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் கலங்கியது.

"குழாய் ஓடுது ஆன்ட்டி. அம்மா பேசறாங்க. எனக்கே ஒண்ணும் கேக்கல. அப்பா உள்ளேருந்து 'சூப்பரா கேக்குது'ன்னு கத்தறார். நான் போய்ப் பாத்தா, பேச்ச முடிச்சாங்களான்னு கதவிடுக்குல எட்டிப் பாத்துட்டு நிக்கறார்."

குரல் பயிற்சி கொடுத்த பெண், ஒரு மூச்சுக்கு எத்தனை சொல் வருமோ அத்தனை சொல்லில் வாக்கியத்தை முடியுங்கள் என்றிருந்தாள். டீச்சர் அப்படியே எழுதிப் பழகினார். 'அவர்களுக்கும் இவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த' என்று நீட்டுவதெல்லாம் போயிற்று. இருந்த கொஞ்சமும் பாதியாயிற்று.

விழாவன்று மத்தியானம் மைக் சோதனை. ஒலி அமைப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பொத்தான்களைத் திருகினார்.

"இதுக்கு மேல கூட்டினா ஊளையிடும் டீச்சர். வாயை மைக்குக்கு ஒட்டி வச்சுக்கோங்க. கூட்டம் அமைதியா இருந்தா கேட்டுரும்."

நன்றியுரைக்கு அமைதியான கூட்டம்! எனக்குச் சிரிப்பு வந்தது. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வாசல்கள். அந்தப் பக்கந்தான் பள்ளி வேன்கள் வரிசையாக நிற்கும். வருஷா வருஷம் பரிசளிப்பு முடிந்ததும் அத்தனை வேனும் ஒரே நேரத்தில் உறுமத் தொடங்கும். தலைக்கு மேலே கிழட்டு மின்விசிறிகள் வேறு கடகடக்கும்.

அன்று தலைமை விருந்தினர் ஒரு கண் டாக்டர் அம்மா, சொன்னபடி வந்தார். மயில் நடனம், பாட்டு, நாடகம் எல்லாம் நடந்தது. நாடகத்தில் அரசனின் கிரீடம் கழன்று உருண்டது. பையன் அசராமல் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிச்ச வசனத்தையும் சொன்னான். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். பரிசளிப்பு முடிந்தது. முதல் சேர் இழுபடும் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு மைக்குக்குப் போனார்.

"அனைவருக்கும் வணக்கம். என் குரல் சிறியது. அதனால் என் உரையும் சிறியது."

முன்வரிசைதான் சிரித்தது. பின்னால் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்துகொண்டிருந்தார்கள். அப்போது விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன். விளக்குகள் எரிந்தன. சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் கூடத்தைக் கூட்டுகிற அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இனி யார் வந்து தொடுகிறீர்கள் பார்க்கலாம் என்பதுபோல் நின்றிருந்தார். ஒலிக்காரர் மிச்ச மைக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு இவருடையதை மட்டும் மெல்ல ஏற்றினார். வெளியே ஒரு வேன்கூட உறுமவில்லை. எழுந்தவர்கள் என்ன ஆயிற்று என்று நின்றார்கள். நின்றவர்களின் காதில் அந்தக் கரகர குரல் விழுந்தது. உட்கார்ந்துவிட்டார்கள்.

"டாக்டர் அம்மா, பரிசு பெறாத பிள்ளைகளுக்கும் கைதட்டச் சொன்னீர்கள். மறக்க மாட்டோம். நன்றி.

தாளாளர் அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, இந்த மேடையை எங்களை நம்பிக் கொடுத்தீர்கள். நன்றி.

பெற்றோரே, வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். வீட்டில் உட்கார்ந்து காகித இறகு ஒட்டினீர்கள். அதில் ஒன்றுகூட உதிரவில்லை. நன்றி.

ஆசிரியர்களே, பள்ளி விட்ட பிறகும் நின்று சொல்லிக்கொடுத்தீர்கள். நன்றி.

மாணவர்களே, கிரீடம் விழுந்தாலும் அரசன் அரசன்தான் என்று காட்டினீர்கள். நன்றி."

கூடம் சிரித்துக் கைதட்டியது. அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஒலி தந்தவருக்கு நன்றி. இந்தக் கூடத்தைத் துடைத்து வைத்த அம்மாவுக்கு நன்றி. வெளியே வேன் ஓட்டுநர்கள் காத்திருக்கிறார்கள்." ஒவ்வொருவர் பேரையும் நிறுத்திச் சொன்னார். "நீங்கள் காத்திருப்பதால்தான் நாங்கள் கவலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். நன்றி.

யாரையாவது விட்டிருந்தால், நாளை என் வகுப்புக்கு வந்து சண்டை போடுங்கள். இப்போது நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

மொத்தக் கூடமும் எழுந்து நின்றது. கடைசி வரிசையில் அவர் கணவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வை என்று பிறகு சாதித்தார். விசிறி ஓடவில்லை, நம்பலாம்தான். நாட்டுப்பண் முடிந்ததும் தாளாளர் மேடையிலேயே டீச்சரிடம் வந்தார்.

"நாளைக்கு உங்க வகுப்புக்கு வந்து சண்டை போடலாம்னு சொன்னீங்கல்ல? வகுப்பு எப்பவும்போல இருக்கும். வாங்க" என்றார்.

டீச்சர் கைகூப்பினார். மிச்சத்தை நான் இருவருக்கும் சேர்த்துப் பேசினேன்.

வெளியே வந்தோம். அவர் நேரே முதல் வேனின் ஓட்டுநரிடம் போனார். முடி நரைத்த ஆள். மற்றவர்களும் கூடிவிட்டார்கள்.

"எனக்காக எஞ்சினைப் போடாம இருந்தீங்களா? ரொம்ப நன்றிங்க."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்காகவும்தான் டீச்சர். ஆனா, எங்களுக்காகவும்தான். வருஷா வருஷம் எங்க பேர் சொல்றீங்கன்னு புள்ளைங்க வண்டியில வந்து சொல்லுவாங்க. நாங்க கேட்டதே இல்ல. அந்த நேரம் பாத்து நாங்கதான் வண்டிய ஸ்டார்ட் பண்ணிருவோமே. இந்தத் தடவை கேட்டுரலாம்னு பேசி வச்சுக்கிட்டோம்."

"கேட்டுச்சா?" என்றார் டீச்சர், அந்தக் காற்றுக் குரலில்.

"நல்லாக் கேட்டுச்சு டீச்சர்" என்றார் அவர். பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்கள்.