புதன்கிழமை மட்டும் வேலை

உதிரிபாகக் கிடங்கில் எல்லோரும் அவளைக் காலண்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதுக் காலண்டர் சுவரில் ஏறியதும், விடுமுறைக்கும் வார இறுதிக்கும் நடுவில் மாட்டிய வேலை நாட்களை லீவுக்காக முதலில் வளைத்துப் போடுகிறவள் அவள்தான்.

அந்த வருடம் ஒரே வாரத்தில் செவ்வாயும் வியாழனும் விடுமுறை. வெளியூரில் தனியாக இருக்கும் தங்கைக்கு முந்தின சனிக்கிழமை முழங்காலில் அறுவை சிகிச்சை. திங்கள், புதன், வெள்ளி லீவு போட்டால் ஒன்பது நாள் கூடவே இருக்கலாம். அவளிடம் மிச்சமிருந்ததும் மூன்று லீவுதான்.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு பக்கமும் லீவு எடுத்தா நடுவுல இருக்கிற விடுமுறையும் லீவுக் கணக்குல சேரும்மா. அஞ்சாகுது. உங்ககிட்ட ஏது அஞ்சு?"

அவள் அசரவில்லை. "அப்போ புதன்கிழமை வேலை பார்க்கிறேன் சார்."

"அதுக்காக அங்கேருந்து இங்க ஓடி வருவீங்களா?"

"எதுக்கு? அந்த ஊர்லயே நம்ம கிளைக் கிடங்கு இருக்குல்ல? சரக்கு எண்ண ஆள் அனுப்புங்கன்னு எத்தனை நாளா கெஞ்சறாங்க, ஒருத்தரும் போகல. அதை நான் முடிச்சுடறேன். திங்களும் வெள்ளியும் மட்டும் லீவு. எந்த விடுமுறையும் நடுவுல மாட்டாது."

மேனேஜர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "எமகாதகிம்மா நீங்க!"

சாயங்காலம் போனில் தங்கை கேட்டாள். "புதன்கிழமை என்னை யாருக்கா பார்த்துப்பாங்க?"

"பக்கத்து வீட்டம்மாகிட்ட பேசிட்டேன். வேலை முடிஞ்சதும் நான் ஓடி வந்துடுவேன். வாலை ஆட்டாம படுத்துக் கிட. மிச்சமான ஒரு லீவு உன் தையல் பிரிக்கிற அன்னைக்கு."