செவ்வாய்க்கிழமை போன கதை

என் நாத்தனார் ஒன்பது வருடம் பார்லரில் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். போதும் என்று வெளியே வந்தாள். பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினாள். வேக்ஸ் சூடாக்கும் பாத்திரம், ஃபேஷியல் கிரீம், புருவம் திருத்தும் நூல் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள்.

போன் என் பொறுப்பு. ஒரு நாளைக்கு ஊரின் ஒரு பக்கம் மட்டும்தான். குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் வருவதையெல்லாம் பெட்ரோலே தின்றுவிடும். தூரம் அதிகமென்றால் போக்குவரத்துச் செலவு தனி, அதை முன்பே சொல்லிவிடுவேன். அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் போனில் புள்ளியாக நகர்ந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: கூப்பிட்ட பெண் வீட்டில் இல்லையென்றால் வாசற்படி தாண்டக் கூடாது.

வினை அங்கேதான் வந்தது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை முழுவதும் ஒரே அடுக்குமாடியில் ஐந்து வீடு. ஒன்று அங்கத்திய குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வீடு, மற்ற நான்கும் அவர் மனைவி பிடித்துக் கொடுத்தவை. ஒரு செவ்வாய் காலை பத்து மணிக்கு அந்த அம்மா வீட்டுக் கதவைத் திறந்தவர் செயலாளர்.

"அவ வெளிய போயிருக்கா. உள்ள வந்து உக்காரும்மா."

"பரவாயில்லைங்க சார், இங்கயே இருக்கேன்."

மாடிப்படியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரரிடம் நான் போனில் கெஞ்சிக் கூத்தாடி நேரத்தைத் தள்ளிப் போட்டேன். செயலாளரின் மனைவி ஆடி அசைந்து வந்து, படியில் இருந்தவளைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

"எங்க வீட்டுக்காரரைச் சந்தேகப்படுறியா?"

"எல்லா வீட்டுலயும் இப்படித்தாங்க மேடம்."

"எல்லா வீடும் என் வீடும் ஒண்ணா?"

கதவைச் சாத்திக்கொண்டவர், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று எழுதிவிட்டார். மதியத்துக்குள் மற்ற நான்கு வீடும் ரத்து. நேரத்துக்கு வராதது அவர், திமிர் எங்களுக்காம். ஆனாலும் வாரத்தில் ஒரு முழு நாள் போகிறதே. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டுரவா?"

நாத்தனார் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "படியில நான் மட்டும் உக்காரல அண்ணி. அந்த வீட்டுச் சமையல்கார அக்காவும் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. வேலைக்குப் போகலையான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'நான் இல்லாம அவர் மட்டும் இருந்தா உள்ள போகாதே'ன்னு அந்தம்மாதான் சொல்லி வச்சிருக்காங்களாம்."

அதையே குழுவில் போட்டு நாறடிக்கக் கை பரபரத்தது. போட்டால் அந்தச் சமையல்கார அக்காவின் வேலை போகும். பல்லைக் கடித்துக்கொண்டு, பாதி எழுதியிருந்த மன்னிப்பை அழித்தேன். செவ்வாய்க்கிழமை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.